போனில் சொன்ன விலை

கடைக்காரர் போனில் ஒரு விலை சொல்லிவிட்டார் என்பதற்காக அந்த விலைக்கே சரக்கு தந்தாக வேண்டும் என்பதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் முன்மொழிந்து மற்றவர் அதை ஏற்றால்தான் ஒப்பந்தம். கேட்டதற்கு விலை சொல்வது மட்டுமே முன்மொழிவு ஆகிவிடாது. குடகில் ஒரு பங்களாவை விலைக்குக் கேட்டவரிடம், பத்தாயிரத்துக்குக் குறைந்து தர முடியாது என்றார் உரிமையாளர். கேட்டவர் பத்தாயிரத்துக்குச் சம்மதித்து, பேரம் முடிந்தது என்று வழக்காடினார். உரிமையாளர் சொன்னது விலை விவரம்தான் என்று 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் ‘எழுத்தில் இல்லை, அதனால் செல்லாது’ என்று எல்லா நேரமும் தப்பித்துவிட முடியாது. வியாபாரிகள் பலர் சறுக்குவது இங்கேதான். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் வாய்மொழி விற்பனையையும் ஏற்கிறது. “அம்பத்தெட்டு ரூபாய்க்கு மூணு டன் போட்டுடுங்க” என்று வாடிக்கையாளர் சொல்லி, “சரி சார், காலையில லோடு வந்துடும்” என்று கடை பதில் சொன்னால் ஒப்பந்தம் முடிந்தது. முன்பணமும் வாங்கியிருந்தால் மறுப்பது இன்னும் கடினம். ஆகவே எழுத்தில் உறுதிசெய்த பிறகே விலை கட்டுப்படுத்தும் என்ற நிபந்தனையை விலை சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும்:

“சார், இது இன்னிக்கு விலை. ஜிஎஸ்டி, வண்டி வாடகை தனி. வாட்ஸ்அப்ல கொட்டேஷன் அனுப்புறேன், அதுல இருக்கறதுதான் விலை. பாத்துட்டு ஓகே சொல்லுங்க, அப்புறம்தான் ஆர்டர்.”

இப்படிச் சொல்வதற்குக் காரணமும் உண்டு. உதாரணமாக, கட்டுமானக் கம்பி கிலோ 58 ரூபாய் என்றால் 3 டன்னுக்கு 1,74,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 31,320 சேர்ந்தால் 2,05,320. வண்டி வாடகையும் இறக்குகூலியும் அதற்கு மேல். போனில் 58 என்று மட்டும் கேட்டவர் எல்லாம் சேர்ந்த விலை என்று நினைத்திருப்பார். கம்பியின் அளவு, பிராண்டு, எடைபோடும் இடம் ஆகியவையும் பேச்சில் விட்டுப்போகும். கொட்டேஷனில் இவற்றோடு விலை எந்தத் தேதி வரை என்பதும் இருக்க வேண்டும்.

அந்தத் தேதிக்குள் வாடிக்கையாளர் ‘ஓகே’ அனுப்பிவிட்டால், ஆலை மறுநாள் கிலோவுக்கு 2 ரூபாய் ஏற்றினாலும் கடை பழைய விலைக்கே தர வேண்டும். அவர் சம்மதிக்கும் முன் விலையைத் திரும்பப் பெறலாம். ஆனால் அந்தத் தகவல் அவருடைய சம்மதத்துக்கு முன்பே அவரை எட்ட வேண்டும். அவர் பதிலே சொல்லாவிட்டால் ஆர்டர் இல்லை.

கோபமாக வந்து நிற்கும் வாடிக்கையாளரிடம் சட்டப்பிரிவை எடுத்துப் போடுவதால் பயன் குறைவு. போனில் என்ன சொல்லப்பட்டது, கொட்டேஷன் எப்போது போனது, ஆலை விலை எந்தத் தேதியில் மாறியது என்று போனில் உள்ள செய்திகளைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். நிபந்தனையைச் சொல்லவே மறந்திருந்தால், அந்த ஒரு லோடைப் பழைய விலைக்குக் கொடுத்துவிடுவதே கடைக்கு மலிவு.