பணம் வாங்க பின் எண் எதற்கு?

வடசேரி கனகமூலம் சந்தையில் பழக்கமான விவசாயி ஒருவர், போன மாதம் தன் செல்போனை நீட்டி, "சார், பணம் வரும்னு சொன்னான், போயிட்டுது" என்றார். 30 ஏத்தன் குலை விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். குலைக்குச் சராசரி 12 கிலோ, கிலோ 40 ரூபாய் வீதம் மொத்தம் 14,400 ரூபாய். அன்றே ஒருவன் பேசினான். விலையைக் குறைத்துக் கேட்கவே இல்லை. "முன்பணம் 5,000 போடுறேன்" என்று சொல்லி, நம்பிக்கைக்கு முதலில் 1 ரூபாய் அனுப்பினான். அது உண்மையாகவே வந்தது.

அடுத்து 5,000 ரூபாய்க்கு ஒரு கோரிக்கை வந்தது. குறிப்பில் 'வாழைக்குலை முன்பணம்' என்று எழுதியிருந்தது. "பின் எண்ணைப் போடுங்க, பணம் ஏறிடும்" என்றான். போட்டதும் 5,000 போய்விட்டது. "தவறாகிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்" என்று இரண்டாவது கோரிக்கை அனுப்பினான். அதற்கும் பின் போட்டார். மொத்தம் 10,000 ரூபாய் போயிற்று.

நடந்தது இதுதான். யுபிஐயில் பணம் இரு வழியில் நகரும். நாமாக அனுப்புவது ஒன்று. "எனக்கு இவ்வளவு கொடு" என்று எதிராளி கேட்க, நாம் சம்மதிப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் கலெக்ட் கோரிக்கை. கடைக்காரர் பில்லை நீட்டுவது மாதிரி. பின் எண் போடுவது அந்தப் பில்லுக்குப் பணம் கட்டுவதாகும். குறிப்பில் உள்ள வாசகம் கேட்பவன் தானாகத் தட்டச்சு செய்தது. 'முன்பணம்', 'ரீஃபண்ட்', 'பிஎம் கிசான்' என்று எதையும் எழுதலாம். வங்கி அதைச் சரிபார்ப்பதில்லை.

இந்த ஏமாற்று பெருகியதால், தனி ஆள் தனி ஆளிடம் கலெக்ட் கோரிக்கை அனுப்புவதை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நிறுத்திவிட்டது. ஆனாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வணிகக் கணக்குகள் கோரிக்கை அனுப்ப இன்னும் வழி இருக்கிறது. கடைப் பெயரில் கணக்குத் தொடங்கி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று கியூஆர் படம் அனுப்புவதும் இதே வித்தைதான். 2021 பிப்ரவரியில் டெல்லியில் பெரிய அரசியல் தலைவர் ஒருவரின் வீட்டிலேயே, பழைய சோபாவை விற்கப் போய் 34,000 ரூபாயை இப்படி இழந்தார்கள். அங்கும் முதலில் சிறு தொகை அனுப்பி நம்ப வைத்திருந்தார்கள்.

அப்படியானால் உண்மையான கோரிக்கை எது? ஒரு கேள்வி போதும்: இந்த வாங்கலை நான் தொடங்கினேனா? நீங்களே ஒன்றை வாங்கத் தொடங்கிய மறு நிமிடம் வருவது உண்மையானது. அதிலும் திரையில் உள்ள பெயரும் தொகையும் நீங்கள் கட்ட வேண்டியதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். விற்கிறவருக்கோ, மானியம் பெறுகிறவருக்கோ கோரிக்கை வரக் காரணமே இல்லை. பிஎம் கிசான் தவணை 2,000 ரூபாய் நேராகக் கணக்கில் ஏறுகிறது. அதற்கு யாரும் பின் கேட்பதில்லை.

பின் பக்கம் திறந்தால் மேலே பெறுபவர் பெயரும் தொகையும் இருக்கும். அங்கே உங்கள் பெயர் இல்லை என்றால் பணம் உங்களுக்கு வரவில்லை, உங்களிடமிருந்து போகிறது. சில செயலிகளில் பின்னுக்குப் பதில் கைரேகை வைக்கலாம், அதுவும் சம்மதம்தான். 'ஆட்டோபே' என்று வந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு முறை சம்மதித்தால் குறித்த நாள்களில் திரும்பத் திரும்பப் பணம் எடுக்கப்படும். சந்தேகம் வந்தால் நிராகரித்து விடுங்கள். உண்மையான வியாபாரியாக இருந்தால், உங்கள் எண்ணுக்கு நேராகவே அனுப்புவார்.

பணம் போய்விட்டால் அழைத்தவனோடு வாதாட வேண்டாம். உடனே 1930-க்குப் பேசிப் புகார் எண்ணை வாங்குங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். அதே கையோடு வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டும் முன் புகார் போனால் அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. பின் போட்டது நாமே என்பதால், அதற்கு வங்கி பொறுப்பேற்பது அரிது.

நம் விவசாயி என்னிடம் வந்தது மூன்றாம் நாள். முதல் 5,000 போனதுமே 1930-க்குப் பேசியிருந்தால், இரண்டாவது 5,000 ஆவது கையில் நின்றிருக்கும்.