அடிக்காத போனும் அடுத்தவர் காதும்

“உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு சார். டெலிவரியை உறுதி பண்ண, நான் அனுப்புற கோடை ஒருமுறை டயல் பண்ணுங்க.”

அனுப்பப்படும் கோடு *21* என்று தொடங்கும். நடுவில் ஒரு பத்து இலக்க எண், கடைசியில் #. நம்பி அழுத்தினால், அந்த சிம்முக்கு வரும் எல்லா அழைப்புகளும் நடுவிலுள்ள எண்ணுக்குப் போய்விடும். கால் ஃபார்வர்டிங் என்பது இதுதான். குறுஞ்செய்திகள் வழக்கம்போல வந்துகொண்டிருப்பதால் சந்தேகம் எழாது. இதற்கிடையே மோசடிக்காரர், பாதிக்கப்பட்டவரின் எண்ணைத் தன் போனில் வாட்ஸ்அப்பில் பதிவு செய்கிறார். சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்தியாகக் கேட்காமல் அழைப்பில் கேட்கிறார். அந்த அழைப்பு நேராக அவர் காதுக்கே போகிறது.

போனை அணைத்தாலும், புதிதாக வாங்கினாலும், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் இது போகாது. காரணம், இந்த அமைப்பு பதிவாகியிருப்பது போனில் அல்ல, சிம் நிறுவனத்தின் நெட்வொர்க்கில். அங்கேதான் அழிக்க வேண்டும்:

```
*#21#   நிலையைப் பார்க்க
##002#  எல்லா ஃபார்வர்டிங்கையும் நீக்க
```

இந்த மோசடி பெருகியதால், 2024 ஏப்ரல் 15 முதல் கோடு வழியான ஃபார்வர்டிங்கை நிறுத்திவைக்கும்படி இந்தியத் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எனவே கோடு பலன் தராவிட்டால், போன் செயலியின் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் பகுதிக்குப் போய் அணைக்கலாம்; அல்லது வாடிக்கையாளர் சேவையைக் கேட்கலாம். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும்.

சிலர் *#62# அழுத்தி, திரையில் ஏதோ ஓர் எண்ணைக் கண்டதும் யாரோ ஒட்டுக்கேட்பதாகப் பதறுகிறார்கள். 62 என்பது போன் தொடர்பெல்லைக்கு வெளியே இருக்கும்போது மட்டும் நடக்கும் ஃபார்வர்டிங். அங்கே தெரிவது பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த வாய்ஸ்மெயில் எண்தான். வாய்ஸ்மெயிலே ஒருவகை ஃபார்வர்டிங்தான்: எடுக்காதபோது 61, பிஸியாக இருக்கும்போது 67, எட்டாதபோது 62 என மூன்று வழிகளில் அழைப்பு அந்தப் பெட்டிக்குப் போகும். மூன்றையும் சேர்த்து நீக்க ##004# போதும். வாய்ஸ்மெயில் மட்டுமே பிடிக்காதவர்கள் இதையே பயன்படுத்தலாம். ஆனால் *21* வைத்த ஃபார்வர்டிங்கை இது தொடாது.

பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் ‘பீப்’ ஒலித்து அடுத்த அழைப்பைக் காட்டுவது கால் வெயிட்டிங். அணைக்க #43#, திரும்பப் பெற *43#. அணைத்தபின் இரண்டாவதாக அழைப்பவருக்கு பிஸி என்றே கேட்கும்; 67-இல் ஓர் எண் இருந்தால் அழைப்பு அங்கே போய்விடும். அதனால் கால் வெயிட்டிங்கை அணைப்பவர்கள், *#67# அழுத்தி அங்கே தெரியாத எண் ஏதுமில்லை என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.