கேட்டுக்கு எது, கைப்பிடிக்கு எது? மூன்று வெல்டிங் முறைகளில் சரியானதைத் தேர்வது எப்படி

புதுவீடு கட்டுகிறவர் கடைசிக் கட்டத்தில் வெல்டிங் பட்டறைக்குப் போகாமல் முடியாது. வாசலுக்கு இரும்பு கேட், ஜன்னல்களுக்கு கிரில், மாடிப்படிக்கு எஸ்.எஸ். கைப்பிடி என்று வேலை வரிசையாக இருக்கும். மொத்தத்தையும் ஒரே பட்டறையில் ஒப்படைத்துவிட்டு, “கொஞ்சம் ஸ்ட்ராங்கா பத்த வைங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் இந்த வேலைகளுக்கெல்லாம் ஒரே வெல்டிங் சரிப்படாது. கேட்டின் கீலுக்குப் பொருத்தமான முறை கைப்பிடிக் குழாயில் ஓட்டை போட்டுவிடும். கைப்பிடிக்கு ஏற்ற முறையில் கேட் முழுவதையும் செய்தால் நேரமும் கூலியும் எகிறும்.

ராடு, மிக், டிக் என்ற மூன்றுமே மின்சார ஆர்க் வெல்டிங்தான். மெஷினிலிருந்து வரும் இரண்டு கேபிள்களில் ஒன்றை இரும்பில் ‘எர்த்’ கிளாம்ப் போட்டுக் கவ்வ வைக்கிறார்கள். இன்னொன்று வெல்டர் கையில் இருக்கிறது. அதன் முனையை இரும்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் அருகில் பிடித்தால் இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து ஆர்க் எரிகிறது. அதன் வெப்பம் 6,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். இரும்பு சுமார் 1,500 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், இரண்டு துண்டுகளின் ஓரங்களும் உருகி ஒன்றாகக் கலந்து இறுகுகின்றன.

உருக்குவதில் சிரமமில்லை. உருகிய இரும்பைக் காற்றிடமிருந்து காப்பாற்றுவதில்தான் சிரமம். அந்தச் சில நொடிகளில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்தால், இறுகிய இடம் குண்டூசித் துளைகளோடு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். இந்தக் காவலை எப்படிச் செய்கிறது என்பதில்தான் மூன்று முறைகளும் வேறுபடுகின்றன. எங்கே எதைப் பயன்படுத்துவது என்பதும் அதிலிருந்தே வருகிறது.

ராடு: காவலைத் தன்மேல் பூசிக்கொண்டது

தெருமுனைப் பட்டறையில் நாம் அன்றாடம் பார்ப்பது இது. சுமார் 35 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியின் மேல் சாம்பல் நிறப் பூச்சு இருக்கும். கம்பி உருகி இணைப்பில் இறங்கும்போது பூச்சும் எரிகிறது. அதிலிருந்து வரும் புகை காற்றை விலக்குகிறது. மிச்சம் கசடாக மாறி, உருகிய இரும்பின்மேல் மூடிபோல் படிகிறது. ஆறியதும் சிப்பிங் சுத்தியால் தட்டினால் கசடு உதிர்ந்து, அடியில் வெல்டு தெரியும். பூச்சுள்ள ராடை உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கார் ஷெல்பெரி. 1904இல் அவர் தொடங்கிய எசாப் நிறுவனம் இன்றும் ராடு விற்கிறது.

காவல் ராடிலேயே இருப்பதால் கேஸ் சிலிண்டர் தேவையில்லை. மொட்டைமாடியிலும் வயல்காட்டு மோட்டார் கொட்டகையிலும் வேலை செய்யலாம். காற்றடித்தாலும் பெரிய பாதகமில்லை. லேசான துருவையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மெஷினும் விலை குறைவு. ஆனால் ஒரு ராடு ஒன்றரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். நிறுத்தி, கடைசித் துண்டை எறிந்து, கசடைத் தட்டி, அடுத்த ராடை மாட்ட வேண்டும். தட்டாமல் மேலேயே இன்னொரு அடுக்கு வைத்தால் கசடு உள்ளே சிக்கி, இணைப்பு பலவீனமாகும். தகடு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தேர்ந்த கைக்கும் ஓட்டை விழாமல் பற்றவைப்பது கடினம்.

ராடுப் பெட்டியில் 6013, 7018 போன்ற எண்களைப் பார்க்கலாம். கேட், கிரில் வேலைக்கெல்லாம் 6013 போதும். பாலம், கனரக எந்திரம் போல அதிக பளு தாங்குவதற்கு 7018. ஆனால் 7018 ராடு ஈரம் பட்டால் கெட்டது. ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய், வெல்டு ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடலாம். அதனால்தான் பெரிய தொழிற்சாலைகளில் இந்த ராடுகளை 100 டிகிரிக்கு மேல் சூடான அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள்.

மிக்: கம்பியும் கேஸும் கூடவே வருவது

பட்டறைக்காரர்கள் ‘சி.ஓ.டூ வெல்டிங்’ என்று சொல்வது இதைத்தான். துப்பாக்கி போன்ற டார்ச்சின் விசையை அழுத்தினால், சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். 0.8 அல்லது 1.2 மில்லிமீட்டர் கம்பிதான் வழக்கம். அதே டார்ச் வழியாக கார்பன் டை ஆக்சைடோ, ஆர்கானோடு கலந்த கேஸோ வந்து உருகிய இடத்தைச் சூழ்ந்துகொள்கிறது. கசடு தட்டவும் வேண்டாம், ராடு மாற்றவும் வேண்டாம். நாற்பது கிரில் செய்ய வேண்டிய பட்டறைக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. கற்றுக்கொள்வதும் எளிது.

பலவீனமும் அந்த கேஸில்தான் இருக்கிறது. லேசான காற்றே கேஸைக் கலைத்துவிடும். சித்திரை வெயிலில் வியர்க்கிறதே என்று பக்கத்தில் மின்விசிறியைத் திருப்பி வைத்தால் போதும், வெல்டில் பொத்தல் பொத்தலாகத் துளைகள் விழும். துருவையும் பெயின்டையும் தேய்த்து எடுத்தாக வேண்டும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தடித்த இரும்பில் குறைந்த கரண்டு வைத்து மிக் போட்டால், கம்பி உருகி மேலே அழகாகப் படிந்துவிடும், அடி இரும்போ உருகியே இருக்காது. பார்க்க நல்ல வெல்டு மாதிரி இருக்கும். பளு வந்தால் அப்படியே பெயர்ந்துவிடும். அனுபவமில்லாதவர் கையில் மிக் இப்படித்தான் அதிகம் ஏமாற்றுகிறது.

டிக்: ஆர்க் ஒரு கையில், கம்பி மறு கையில்

‘ஆர்கான் வெல்டிங்’ என்று கேட்டால் இதைக் காட்டுவார்கள். டார்ச்சில் டங்ஸ்டன் ஊசி இருக்கும். டங்ஸ்டன் 3,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், ஊசி கரையாமல் ஆர்க்கை மட்டும் தருகிறது. சேர்க்க வேண்டிய கம்பியை வெல்டர் மறு கையால் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறார். சுற்றிலும் ஆர்கான் காவல். வெப்பமும் கம்பியும் தனித்தனியாகக் கட்டுப்பாட்டில் இருப்பதால் ஒரு மில்லிமீட்டர் தகட்டைக்கூட ஓட்டையில்லாமல் இணைக்கலாம், பொறி பறக்காது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானத் தொழிற்சாலையில், எளிதில் தீப்பற்றும் மக்னீசியத்தை இணைக்க வழி தேடியபோது பிறந்த முறை இது.

அலுமினியத்துக்கும் இதுவே பொருத்தம், ஆனால் ஏ.சி. கரண்டு தரும் மெஷின் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் உள்ள ஆக்சைடு படலமோ 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும். ஏ.சி. மின்சாரம் திசை மாறி மாறிப் பாயும்போது அந்தப் படலம் உடைகிறது. டி.சி. மட்டும் உள்ள சின்ன மெஷினை வைத்துக்கொண்டு அலுமினிய வேலைக்குச் சம்மதிப்பவரை நம்ப வேண்டாம்.

டிக்கின் குறை, மெதுவாகவே நடக்கும் என்பது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் கெடும். இரண்டு கையும் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால் கூலியும் அதிகம்.

ஒரு வீட்டின் கணக்கு

இனி அந்தப் புதுவீட்டுக்கு வருவோம். கேட்டின் சட்டம் 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய். கனம் 2 மில்லிமீட்டர். மறைவான பட்டறைக்குள் செய்வதால் மிக் சிறந்தது. மிக் இல்லாத பட்டறை 2.5 மில்லிமீட்டர் ராடை 70 ஆம்பியர் அளவில் வைத்தும் செய்யலாம். எதுவானாலும் நான்கு மூலைகளையும் முதலில் புள்ளி வைத்து நிறுத்தி, எதிரெதிர் மூலைகளுக்கு டேப் பிடித்து அளந்து, இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே முழுதாகப் பற்றவைக்க வேண்டும். ஒரே மூலையைத் தொடர்ந்து சூடாக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கேட் பூட்டோடு சேராது.

கீல் கதை வேறு. தூணில் பதித்த 8 மில்லிமீட்டர் தகட்டோடு அதை வாசலிலேயே, திறந்த வெளியில் இணைக்க வேண்டும். அங்கே ராடுதான் சரி: 3.15 மில்லிமீட்டர் ராடு, 110 ஆம்பியர் சுற்றுவட்டாரம். கீலைக் குழாயோடு இணைக்கும்போது ஆர்க்கைத் தடித்த பக்கமே அதிகம் காட்ட வேண்டும். இல்லையென்றால் மெல்லிய குழாய் ஓட்டையாகும், தடித்த கீல் உருகாமலே நிற்கும். நாள்தோறும் கேட்டின் மொத்தப் பளுவும் தொங்குவது இந்த இணைப்பில்தான்.

மாடிப்படிக் கைப்பிடி 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள 304 ரக எஸ்.எஸ். குழாய் என்றால் டிக்தான். எஸ்.எஸ். வெப்பத்தைச் சாதாரண இரும்பு அளவுக்குக் கடத்தாது. சூடு ஓரிடத்திலேயே தங்கி வளைந்துவிடும். சேர்க்கும் கம்பி 308எல் ரகமாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புக் கம்பியை வைத்து இணைத்தால், குழாய் பளபளக்க இணைப்பு மட்டும் துருப்பிடிக்கும். இரும்பைத் தேய்த்த கிரைண்டிங் சக்கரத்தாலேயே எஸ்.எஸ்.ஸைத் தேய்த்தாலும், ஒட்டிக்கொண்ட இரும்புத்தூள் சில வாரங்களில் பழுப்புப் புள்ளியாக வெளிவரும்.

பெரிய வேலைகளில் ஒரே இணைப்பில் இரண்டு முறைகளும் சேர்வதுண்டு. அழுத்தம் தாங்கும் பாய்லர்க் குழாய்களில் முதல் அடுக்கை டிக்கில் சுத்தமாக வைத்து, மேல் அடுக்குகளை ராடால் நிரப்புவது வழக்கம்.

வெல்டைப் பார்த்துச் சொல்வது

பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பாருங்கள். பெயின்டும் பட்டியும் எல்லாக் குறையையும் மூடிவிடும். நல்ல வெல்டின் விளிம்பு இரண்டு பக்க இரும்போடும் சாய்வாகக் கலந்திருக்கும். கயிறு ஒட்டியதுபோல மேலே தூக்கி நின்றால் உள்ளே பிடிக்கவில்லை. விளிம்பையொட்டிப் பள்ளம் ஓடினால் கரண்டு அதிகம். துளைகள் இருந்தால் காற்றோ ஈரமோ பெயின்டோ புகுந்திருக்கிறது. எஸ்.எஸ்.ஸில் வெள்ளி நிறமும் வைக்கோல் மஞ்சளும் நல்ல அடையாளம். கருஞ்சாம்பல் என்றால் சூடு அதிகம், காவல் குறைவு.

வேலை நடக்கும்போது குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஆர்க்கை நேராகப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரிதான் கண் உறுத்தி எரியும். ஜி.ஐ. குழாய் என்றால் இணைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே பற்றவைக்கச் சொல்லுங்கள். அந்தப் புகை வெல்டருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும்.

பட்டறையில் விலை பேசும் முன் மூன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: என்ன உலோகம், எத்தனை மில்லிமீட்டர், உள்ளேயா வெளியிலா. திறந்தவெளி, தடித்த இரும்பு என்றால் ராடு. பட்டறைக்குள் நிறைய எண்ணிக்கையில் இரும்பு வேலை என்றால் மிக். மெல்லிய எஸ்.எஸ்., அலுமினியம் என்றால் டிக். மூன்றுக்கும் ஒரே மெஷின் போதும் என்று சொல்கிற பட்டறையில், கைப்பிடி வேலையையாவது கொடுக்காதீர்கள்.