‘விட’வா, ‘மிக’வா, ‘இல்’லா? அரபுத் துதிச்சொல் ஒன்றும் தமிழில் ஒப்புயர்வும்



படிவம் நான்கு வகுப்பில் சொற்பொழிவுப் பயிற்சி நடந்தது. இரண்டு மாணவர்கள் ‘பொறுமை’ என்ற தலைப்பில் அய்யூப் நபியின் வேண்டுதலை எடுத்துக்கொண்டார்கள். அதில் இறைவனைப் போற்றும் ‘அர்ஹமுர் ராஹிமீன்’ என்ற தொடரை ஒருவர் ‘மிக இரக்கமுள்ளவன்’ என்று தமிழாக்கினார். மற்றவர் ‘இரக்கமுள்ள எல்லாரையும்விட இரக்கமுள்ளவன்’ என்று எழுதினார். “ரெண்டுல எது சரிங்க டீச்சர்?” என்று கேட்டார்கள். நானும் யோசிக்காமல் “ரெண்டுமே சரிதான்” என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலை எங்கள் பள்ளி உஸ்தாஸிடம் அரபு அமைப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான், என் பதில் அவசரமானது என்று புரிந்தது. இரண்டு வாக்கியமும் அரபுத் தொடரின் ஒரு பகுதியை விட்டுவிடுகின்றன. அதைவிட முக்கியம், நம் மாணவர்கள் கட்டுரையில் ஒப்பிட்டு எழுதும்போது செய்யும் இரண்டு பிழைகளும் இங்கே அப்படியே தெரிகின்றன.

அரபில் சொல்லே மாறுகிறது

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளை வேராகக் கொண்டவை. ‘கபீர்’ என்றால் பெரியது. அதே வேரை ‘அஃப்அல்’ என்ற அச்சில் வார்த்தால் ‘அக்பர்’ வரும். ‘ஹஸன்’ அழகானது, ‘அஹ்ஸன்’ அதைவிட அழகானது. ‘கரீம்’ கொடையாளி, ‘அக்ரம்’ அவரினும் கொடையாளி. அக்பர், அக்ரம் எல்லாம் உங்கள் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் இருக்கும் பெயர்கள்தாமே? இந்த அச்சில் வரும் ஒப்புயர்வுச் சொல்லை அரபு இலக்கணத்தார் ‘இஸ்முத் தஃப்ளீல்’ என்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. அச்சை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ‘அஹ்மர்’ என்பதும் இதே அச்சுதான், ஆனால் அதன் பொருள் ‘சிவப்பு’ மட்டுமே. நிறங்களையும் உடற்குறைகளையும் குறிக்கும் சொற்கள் ஒப்பீடு இல்லாமலே இந்த அச்சில் வருகின்றன.

இன்னொன்று, ‘அக்பர்’ என்ற ஒரே வடிவம் ‘இன்னும் பெரியது’ என்றும் பொருள்படும், ‘எல்லாவற்றிலும் பெரியது’ என்றும் பொருள்படும். எது என்பதை அதன் பின்னால் வரும் சொல்தான் காட்டும். ‘மின்’ என்ற இடைச்சொல் வந்தால் இரண்டு பொருள்களுக்கு இடையிலான ஒப்பீடு: ‘அக்பரு மின் ஹாதா’ என்றால் ‘இதைவிடப் பெரியது’. ‘மின்’ இல்லாமல், ஒரு கூட்டத்தைக் குறிக்கும் பன்மைப் பெயர் நேராகத் தொடர்ந்தால், ‘அந்தக் கூட்டத்தில் முதன்மையானது’ என்று பொருள்.

நம் தொடரைப் பிரித்துப் பார்ப்போம்

அர்ஹமுர் ராஹிமீன் என்ற தொடர் திருக்குர்ஆனில் நான்கு இடங்களில் வருகிறது. அய்யூப் நபியின் வேண்டுதல் 21ஆம் அத்தியாயம் 83ஆம் வசனத்தில் உள்ளது. தம்மைத் துன்பம் தீண்டிவிட்டது என்று சொல்கிறார். அடுத்து இறைவனை இந்தத் தொடரால் போற்றுகிறார். அவ்வளவுதான், ‘நோயை நீக்கு’ என்று அவர் கேட்கவே இல்லை. அடுத்த வசனத்தில் வேண்டுதல் ஏற்கப்படுகிறது. ஆக, கேட்காமல் விட்ட கோரிக்கையை இந்தத் துதிச்சொல்தான் சுமக்கிறது. அதனால்தான் அதை மேலோட்டமாக மொழிபெயர்க்கக்கூடாது.

இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றே: ர, ஹ, ம. ‘ராஹிம்’ என்றால் இரக்கம் காட்டுபவர். அதன் பன்மை ‘ராஹிமீன்’. ‘அர்ஹம்’ அதே வேரின் ஒப்புயர்வு வடிவம். நடுவில் ‘மின்’ இல்லை, பன்மைப் பெயர் நேராகத் தொடர்கிறது. எனவே ‘இரக்கம் காட்டுவோர்’ என்று ஒரு கூட்டம் சொல்லப்படுகிறது. தாய், நண்பர், அயலார் என்று மனிதர் காட்டும் இரக்கமும் இரக்கமாகவே ஏற்கப்படுகிறது. அந்த இரக்கம் அனைத்திலும் மேலானது இறைவனுடையது என்பதே துதி.

இப்போது முதல் மாணவரின் ‘மிக இரக்கமுள்ளவன்’ என்பதைப் பாருங்கள். அதில் கூட்டம் காணாமல் போய்விட்டது. ‘ரஹ்மான்’, ‘ரஹீம்’ என்ற சொற்களுக்கு அந்த மாதிரி எழுதலாம். அவை பண்பின் மிகுதியைச் சொல்பவை, யாரோடும் ஒப்பிடாதவை. ‘அர்ஹமுர் ராஹிமீன்’ என்பதையும் அதே போல எழுதினால், வேறுபட்ட வடிவங்கள் தமிழில் ஒன்றாகிவிடும்.

‘விட’ என்றால் வெளியே விடுவது

இரண்டாம் மாணவர் கூட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனால் ‘விட’ போட்டார். இந்தச் சொல்லின் பிறப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘விடு’ என்ற வினையின் ‘செய’ வாய்பாட்டு எச்சம் அது. அதனால்தான் முன்னால் ‘ஐ’ உருபு கேட்கிறது, பின்னால் வல்லினம் மிகுகிறது: அதைவிடப் பெரியது, இவனைவிடச் சிறந்தவன். எதோடு ஒப்பிடுகிறோமோ அதை ஒரு பக்கம் விட்டுவிட்டு மற்றதைப் பேசுகிறது. ஒப்பிடப்படும் இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

‘இரக்கமுள்ள எல்லாரையும்விட’ என்றால், இறைவன் இரக்கமுள்ளோர் என்ற கூட்டத்துக்கு வெளியே போய்விடுகிறான். ஆனால் அதே வாக்கியம் அவனை ‘இரக்கமுள்ளவன்’ என்றும் சொல்கிறது. கணக்கு இடிக்கிறது, இல்லையா? ‘மற்ற எல்லாரையும்விட’ என்றால் இடிக்காது. ஆனால் ‘மற்ற’ என்ற சொல் அரபில் இல்லை.

‘இல்’ உருபு வேறு மாதிரி வேலை செய்கிறது. ‘இரக்கமுள்ளோர் எல்லாரிலும்’ என்னும்போது கூட்டத்துக்குள் நின்றே முதன்மையைச் சொல்கிறோம். அரபுத் தொடரின் அமைப்பும் அதுதான். அரபு இலக்கண நூல்களில் இதற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ‘யூசுப் தம் சகோதரர்களில் மிக அழகர்’ என்று இந்த அமைப்பில் சொல்வது தவறு என்பார்கள். ஏன் தெரியுமா? யூசுப் தமக்குத் தாமே சகோதரர் அல்லர். ‘தம் சகோதரர்கள்’ என்ற கூட்டத்தில் அவர் இல்லை. ‘சகோதரர்களில் மிக அழகர்’ என்றால் சரி, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘தன் தம்பிகளில் அவனே உயரமானவன்’ என்றால் காதுக்கு இடிக்கிறது. ‘தன் தம்பிகளைவிட அவன் உயரமானவன்’ என்றால் சரியாக இருக்கிறது.

எனவே நான் இப்போது பரிந்துரைக்கும் தமிழாக்கம்: ‘இரக்கமுள்ளோர் எல்லாரிலும் பேரிரக்கமுள்ளவன்’. கூட்டம் இருக்கிறது, முதன்மை இருக்கிறது. ‘இரக்கம்’ இரண்டு முறை வருவதால் அரபில் வேர் திரும்ப வரும் ஓசையும் ஓரளவு கிடைக்கிறது. ‘இரக்கமுள்ளோர்க்கெல்லாம் இரக்கமுள்ளவன்’ என்றும் சிலர் எழுதலாம். அது அழகான தமிழ் வழக்குதான், ஆனால் ‘அவர்கள் மீதும் இரக்கம் காட்டுபவன்’ என்ற வேறு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது.

இங்கே ஒரு வரம்பைச் சொல்ல வேண்டும். ‘கூட்டத்துக்குள்’ என்று நான் சொல்வது சொல்லமைப்பைப் பற்றி மட்டுமே. இறைவனுக்கு நிகர் உண்டா என்பது சமயக் கேள்வி. அதை இலக்கண வகுப்பில் தீர்க்க வேண்டாம். ‘அல்லாஹு அக்பர்’ என்பதில் ‘மின்’னும் இல்லை, பன்மைப் பெயரும் இல்லை. ‘எல்லாவற்றையும்விட’ என்பது மறைந்து நிற்கிறது என்று கொள்வோரும் உண்டு, ஒப்பீடே இல்லாத பெருமை என்று கொள்வோரும் உண்டு. அங்கே ‘மிகப் பெரியவன்’ என்று தமிழில் எழுதுவது பொருத்தம். ஏனெனில் அரபு வெளிப்படையாகச் சொல்லாத கூட்டத்தை நாமாகச் சேர்க்கவில்லை.

கட்டுரைத் தாளில் இதே பிழைகள்

முதல் பிழை, ‘மிக’ என்பதையே உச்சநிலை என்று நினைப்பது. மலாயில் ‘பாலிங் திங்கி’ என்றால் உச்சம் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் அந்தப் ‘பாலிங்’கை அப்படியே ‘மிக’ ஆக்குகிறார்கள். ‘கினாபாலு மிக உயரமான மலை’ என்று எழுதிவிட்டு, மலேசியாவிலேயே அதுதான் உயரம் என்று சொல்லிவிட்டதாக நினைக்கிறார்கள். ஒரு சோதனை சொல்கிறேன்: ‘மிக’ இருக்கும் இடத்தில் ‘ரொம்ப’ போட்டுப் பாருங்கள். ‘கினாபாலு ரொம்ப உயரமான மலை.’ எதைவிட, எங்கே என்று எதுவும் தெரியவில்லை. உச்சம் வேண்டுமானால் கூட்டத்தைச் சொல்ல வேண்டும்: ‘மலேசிய மலைகளிலேயே உயரமானது 4,095 மீட்டர் உயரமுள்ள கினாபாலு.’ பேச்சில் ‘இருக்கிறதிலேயே பெரிசு’ என்கிறோமே, அந்த ‘இலேயே’தான் உச்சத்தைக் காட்டுகிறது.

இரண்டாம் பிழை, உள்ளே இருப்பவரை ‘விட’ போட்டு வெளியே தள்ளுவது. ‘எங்கள் வகுப்பு மாணவர்கள் அனைவரையும்விடக் கவிதா உயரமானவள்’ என்று எழுதுகிறார்கள். கவிதாவும் அதே வகுப்புதானே? அப்படியென்றால் அவள் தன்னைவிடவும் உயரமா? இதை இரண்டு விதமாகத் திருத்தலாம்: ‘எங்கள் வகுப்பு மாணவர்களிலேயே கவிதா உயரமானவள்’ அல்லது ‘மற்ற மாணவர்கள் அனைவரையும்விடக் கவிதா உயரமானவள்’.

பழைய உரைநடையும் செய்யுளும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் சொல்கிறது. ஒப்பீடு அங்கே ‘இன்’, ‘இல்’ உருபுகளாலேயே வந்துவிடும். ‘பொன்னின் சிறந்தது கல்வி’ என்றால் ‘பொன்னைவிடச் சிறந்தது’ என்று பொருள். இன்று ‘இன்’ உருபை உடைமைப் பொருளில் அதிகம் பயன்படுத்துவதால், மாணவர்கள் இதைப் ‘பொன்னுடைய’ என்று தவறாகப் படிக்கிறார்கள். உருபைப் பார்த்தவுடன் முடிவு செய்யாமல், அடுத்த சொல் உயர்வு, தாழ்வு, சிறப்பு போன்ற பண்பைச் சொல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அந்த இரண்டு மாணவர்களிடமும் என் பதிலைத் திருத்திக்கொண்டேன். வெண்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, “இவர் உள்ளேயா, வெளியேயா?” என்று கேட்டேன். உள்ளே என்றால் ‘இல்’, வெளியே என்றால் ‘விட’, வட்டமே இல்லை என்றால் ‘மிக’. முதல் மாணவர் தன் வரியை அடித்துவிட்டு, ‘எல்லாரிலும்’ என்று எழுதினார். பிறகு என்னிடம், “அப்போ டீச்சர், மத்தவங்க காட்டுற இரக்கத்தையும் அந்த வரி மறக்கலையே!” என்றார். என் விளக்கத்தில் நான் சொல்ல விட்டதை அவர் சொல்லிவிட்டார்.