0.72 மதிப்பெண் பெற்ற முகம்

சென்ற தவணையில் எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். விளையாட்டுத்துறை ஆசிரியர் பேசும் 10 வினாடிக் காணொலி ஒன்றை எடுத்து, அதில் அவர் முகத்துக்குப் பதிலாக என் முகத்தைப் பொருத்தினார்கள். இருவரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டார்கள். (அனுமதி இல்லாமல் எவர் முகத்தையும் இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் கழகத்தின் முதல் விதி.) வேலை முடிந்ததும் படிவம் நான்கு மாணவர் ஒருவர் உற்சாகத்தோடு ஓடி வந்தார். “சார், 0.72 வந்திருக்கு! நல்ல மதிப்பெண்!”

காணொலியைப் பெரிய திரையில் போட்டோம். வகுப்பே சிரித்தது. முகம் என்னுடையதுதான். ஆனால், நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல் மங்கலாக இருந்தது. கழுத்தின் நிறம் ஒன்று, கன்னத்தின் நிறம் வேறு. தலையைத் திருப்பிய ஓர் இடத்தில் தாடை ஒரு கணம் துள்ளியது. அப்படியானால் 0.72 என்று சொன்ன கணினி எதைத்தான் பார்த்தது?

அந்த எண் அடையாள ஒப்புமை மதிப்பெண். ஆர்க்ஃபேஸ் போன்ற முக அடையாள வலையமைப்பு ஒன்று அதைத் தருகிறது. முதலில் படத்தில் இரு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள் ஆகிய ஐந்து புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அவற்றை வைத்து முகத்தை நேராக்கி, 112 × 112 படப்புள்ளி அளவுள்ள சிறு சதுரமாக வெட்டுகிறார்கள். வலையமைப்பு அந்தச் சதுரத்தை 512 எண்களாக மாற்றுகிறது. இந்த எண்களின் வரிசையை ஒரு திசையைக் காட்டும் அம்புக்குறியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளின் இரண்டு படங்கள் ஏறக்குறைய ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

512 எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் தாள் போதாது. இரண்டு எண்கள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். என் நிழற்படம் (0.6, 0.8), முகம் மாற்றிய படம் (0.8, 0.6). இரண்டு அம்புகளின் நீளமும் 1. இணையான எண்களைப் பெருக்கிக் கூட்டினால் 0.48 + 0.48 = 0.96. இது இரு அம்புகளுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன். 1-ஐ நெருங்க நெருங்க ஒரே ஆள் என்று பொருள். தொடர்பில்லாத இருவரின் முகங்கள் பொதுவாக 0-ஐ ஒட்டியே நிற்கும்.

இப்போது மங்கலுக்கு வருவோம். மாணவர்கள் பயன்படுத்திய மென்பொருள் புதிய முகத்தை 128 × 128 படப்புள்ளி அளவில்தான் உருவாக்கும். காணொலியில் முகத்தின் அகலமோ ஏறத்தாழ 640 படப்புள்ளி. ஆகவே சின்ன முகத்தை ஐந்து மடங்கு இழுத்து ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு படப்புள்ளி 25 படப்புள்ளிகளின் இடத்தை நிரப்ப வேண்டும். இமை மயிர், தோல் துளை, மீசையின் தனித்தனி முடி எல்லாம் கரைந்துபோயின. ஆனால் மதிப்பெண் போடும் வலையமைப்பு அந்த 640-ஐ மறுபடியும் 112-ஆகச் சுருக்கித்தான் பார்க்கிறது! சுருக்கியதும் மங்கல் மறைந்துவிடுகிறது. வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். தெளிவான படம் ஒன்றையும், அதன் மங்கலான நகலையும் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. அது மட்டுமல்ல, அந்தச் சதுரத்தில் காது, கூந்தல், நெற்றியின் மேற்பகுதி பெரும்பாலும் இருக்காது. கழுத்தும் இருக்காது. நிறம் ஒட்டாமல் போன எல்லைக்கோடு தேர்வுத்தாளுக்கு வெளியே போய்விட்டது.

தாடை துள்ளியது ஏன் எண்ணில் தெரியவில்லை? அது சாதாரண சராசரிக் கணக்கு. வினாடிக்கு 25 சட்டகம் என்றால் 10 வினாடிக்கு 250 சட்டகங்கள். 245 சட்டகங்கள் 0.70 வாங்கி, 5 சட்டகங்கள் மட்டும் 0.50-க்கு விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 0.696. எண்ணைப் பார்ப்பவருக்கு அது ஒரு குறையாகவே படாது. கண்ணுக்கோ, அந்த ஐந்து சட்டகங்கள் அடுத்தடுத்து வந்தால், ஐந்தில் ஒரு வினாடி நீளமுள்ள துள்ளல். உடனே பிடித்துவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. முகமாற்று மென்பொருள்கள் பலவற்றைப் பயிற்றுவிக்கும்போதே “இந்த ஒப்புமை மதிப்பெண்ணைக் கூட்டு” என்றுதான் பழக்குகிறார்கள். பயிற்சிக்குப் பயன்பட்ட அதே வலையமைப்பைக் கொண்டு பிறகு மதிப்பெண் போட்டால், டியூஷனில் கொடுத்த கேள்விகளையே தேர்வில் கேட்டதுபோல் ஆகும். அதனால் கவனமான ஆய்வாளர்கள் அளப்பதற்கு வேறொரு வலையமைப்பை எடுத்துக்கொள்கிறார்கள். காஸ்ஃபேஸ் அப்படிப் பயன்படும் ஒன்று. என்னுடைய கட்டளை இன்னொன்று: முதலில் உண்மையான படங்களை அளந்து பாருங்கள். வேறு வேறு நாள்களில் எடுத்த என் சொந்தப் படங்களைக்கூட ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 1 வராது. வெளிச்சம், தலைச்சாய்வு, மூக்குக்கண்ணாடி எல்லாம் எண்ணைக் குறைக்கும். உண்மைப் படங்கள் தமக்குள் பெறுவதைவிட மாற்றிய முகம் அதிகமாகப் பெற்றால் மகிழக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். மூலப்படத்தின் வெளிச்சத்தையும் புன்னகையையும் அப்படியே பெயர்த்து வைத்திருக்கலாம்.

சரி, எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணையே நம்பலாமா? அதற்கும் நான் உடன்பட மாட்டேன். பழக்கமில்லாத முகங்களில் “இது அதே ஆளா?” என்று தீர்மானிப்பதில் மனிதர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். அந்தக் கேள்வியில் எண் நம்மைவிட நிதானமானது. “இது இயற்கையாக இருக்கிறதா?” என்ற கேள்விக்குத்தான் கண் வேண்டும். அதையும் ஒழுங்காகக் கேட்க வேண்டும். “எப்படி இருக்கு?” என்று நண்பனிடம் கேட்டால் “சூப்பர்” என்றுதான் சொல்வான்.

நாங்கள் இப்படிச் செய்தோம். மாற்றிய துண்டு ஒன்று, மாற்றாத துண்டு ஒன்று என 20 இணைகள் தயாரித்தோம். எது எது என்று தெரியாத மாணவர்களிடம், தனித்தனியாக, முழு அளவில், இயல்பான வேகத்தில் காட்டி, “எது உண்மை?” என்று மட்டும் கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஏறக்குறைய 10 சரியாக வரும். ஆகவே 10-ஐ ஒட்டி வந்தால் மாற்றம் கண்ணை ஏமாற்றிவிட்டது, 20-ஐ நெருங்கினால் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகுதான் நிறுத்தி நிறுத்திக் காட்டி, எதனால் சந்தேகம் வந்தது என்று எழுதச் சொன்னோம். தாடை ஓரம், பற்கள், முகத்தின் குறுக்கே கை போகும் கணம், இரு கண்களிலும் மின்னும் ஒளிப்புள்ளி ஆகியவைதான் திரும்பத் திரும்ப வந்தன. நீண்ட நேரம் பார்த்தவர்கள் பிற்பகுதியில் உண்மையான துண்டுகளையும் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். 20-க்கு மேல் வைக்காமல் விட்டது நல்லது.

பிறகு அந்த மாணவர் முகத்தைத் தெளிவாக்கும் இன்னொரு மென்பொருளில் காணொலியைப் போட்டு எடுத்துவந்தார். மங்கல் போய், தோலும் மீசையும் பளிச்சென்று இருந்தன. மதிப்பெண்ணோ 0.66-க்கு இறங்கியிருந்தது. அந்த மென்பொருள் என் முகத்தில் இல்லாத நுணுக்கங்களைத் தானே கற்பனை செய்து நிரப்புவதால், அழகு கூடும்போது அடையாளம் சற்று நழுவுகிறது. எது சிறந்தது என்று அவர் கேட்டார். இரண்டு எண்களையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதச் சொன்னேன், கூட்டி ஒரே எண்ணாக்க வேண்டாம் என்றேன்.

அன்று மாலை தெளிவாக்கிய காணொலியை எதுவும் சொல்லாமல் என் அம்மாவிடம் காட்டினேன். இரண்டு வினாடி பார்த்தார். “மூஞ்சி உன்னுதுதான்யா, ஆனா பல்லு உன்னுது இல்லையே” என்றார்.