வலி நின்ற பல்

சொத்தைப்பல் சில நாள் விண் விண்ணென்று தெறித்துவிட்டு, ஒரு காலையில் வலியே இல்லாமல் போவதுண்டு. கிராம்புத் தைலம் கேட்டது என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் பல நேரம் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றிருக்கும். கிருமிகள் அங்கேயே இருந்து, வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் வைக்கின்றன.

நாற்பது வயது லாரி ஓட்டுநர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உண்டு. கீழ்க் கடைவாயில் சொத்தை. வலி நின்று இரண்டு வாரம் கழித்து, பல் உயர்ந்துவிட்டதுபோல் கடிக்க முடியவில்லை. மறுநாள் தாடைக்கடியில் வீக்கம், இரவில் குளிர்காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுகிறார். காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிட்டு வண்டியெடுக்கிறார். சில நாளில் வீக்கம் முன்னைவிடப் பெரிதாகத் திரும்புகிறது.

மருந்து ஏன் முடித்துவைக்கவில்லை? மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச்சேரும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, தேங்கிய சீழுக்குள்ளும் மருந்து சரியாக இறங்காது. சீழை வெளியேற்றி, பல்லைப் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ வேண்டும். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் ஆன்டிபயாடிக்கும் தேவை, ஆனால் அது துணை மருந்துதான்.

வீக்கம் வடியாமல் பல்லில் கை வைக்கக் கூடாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது என்பது உண்மைதான். அதற்காகவே சற்றுத் தள்ளி, நரம்பு வரும் வழியில் ஊசி போடுவார்கள். பல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். நாமாகக் காத்திருப்பது சீழுக்குத்தான் வசதி.

கீழ்க் கடைவாய்ப் பற்களில் எனக்குக் கூடுதல் பயம் உண்டு. வாயின் தரையாக ஒரு தசை விரிந்திருக்கிறது. கடைசிப் பற்களின் வேர்நுனி பெரும்பாலும் அதற்கும் கீழே இருப்பதால், எலும்பைத் துளைக்கும் சீழ் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கும். அங்கிருந்து இரு புறமும் பரவினால் வாயின் தரை பலகைபோல் இறுகி, நாக்கை மேலும் பின்னுமாகத் தள்ளி மூச்சை அடைக்கும். 1836-இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லுட்விக்கின் பெயராலேயே இன்றும் இந்த நிலையை அழைக்கிறார்கள்.

அதன் முன்னறிகுறிகளை வீட்டிலேயே கவனிக்கலாம். வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாது. எச்சிலை விழுங்க முடியாமல் வழியும். குரல் மாறி, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் கேட்கும். கண்ணைச் சுற்றி வீங்கினாலும் ஆபத்துதான். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். மல்லாந்து படுத்தால் நாக்கு இன்னும் பின்னே சரியும் என்பதால், நோயாளியை உட்கார்ந்தபடியே கொண்டுபோக வேண்டும்.