நோட்டரி முத்திரை வேறு, பதிவு வேறு

அக்கா மகன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வேளச்சேரியில் இரண்டாம் மாடியில் ஒரு போர்ஷன். வாடகை 14,000, அட்வான்ஸ் 50,000. சம்பளக் கணக்கு திறக்க வங்கிக்குப் போனவன், கையில் இருந்த வாடகை ஒப்பந்தத்தை நீட்டினான். முத்திரைத்தாளில் டைப் செய்து, வீட்டுக்காரரும் அவனும் கையெழுத்திட்டு, நோட்டரியின் வட்ட முத்திரையும் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டிய காகிதம். கவுன்ட்டரில் இருந்த அம்மா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது செல்லாது தம்பி. ஆதார்ல அட்ரஸ் மாத்திட்டு வாங்க.”

அன்று சாயங்காலம் என்னை அழைத்துப் புலம்பினான். “ஸ்டாம்ப் பேப்பர், நோட்டரி எல்லாம் இருக்கு மாமா, அப்புறமும் செல்லாதுன்னா என்ன அர்த்தம்?”

வங்கி சொன்னதில் பாதி சரி. ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதிகள் அடையாளத்துக்கும் முகவரிக்கும் ஆறே ஆவணங்களைத்தான் அதிகாரபூர்வமானவை என்று ஏற்கின்றன: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம். வாடகை ஒப்பந்தம் இதில் இல்லை. இந்த ஆறில் ஒன்றைக் காட்டுகிறோம், ஆனால் அதில் பழைய முகவரி இருக்கிறது என்றால், முகவரிக்கு மட்டும் தற்காலிகமாக வேறு சில காகிதங்களை வங்கி வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத மின்சார, தொலைபேசி, போஸ்ட்பெய்டு மொபைல், குழாய் எரிவாயு அல்லது குடிநீர் பில். சொத்து வரி ரசீது. அரசு ஓய்வூதிய ஆணை. அரசுத் துறை, வங்கி, பட்டியலிடப்பட்ட நிறுவனம் போன்ற முதலாளி தன் ஊழியருக்கு வீடு ஒதுக்கிய கடிதம் அல்லது அதற்கான ஒப்பந்தம். கடைசியாகச் சொன்ன அந்த ஓர் இடத்தில்தான் ‘வீட்டு ஒப்பந்தம்’ என்ற சொல் அந்தப் பட்டியலில் எட்டிப் பார்க்கிறது. தெருக்கோடி வீட்டுக்காரரோடு நாம் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு அங்கே இடமில்லை.

இந்தப் பட்டியலை வாடகைக்காரர் கண்ணால் பார்த்தால் இன்னொன்று புரியும். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. சொத்து வரி ரசீதும் அவர் பெயரில்தான். சமையலுக்கு சிலிண்டர், குழாய் எரிவாயு கிடையாது. மிஞ்சுவது போஸ்ட்பெய்டு மொபைல் பில் ஒன்றுதான். ப்ரீபெய்டு எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றி, புது முகவரியைக் கொடுத்து, முதல் பில் வந்ததும் அதை வங்கியில் காட்டலாம். ஆனால் அதற்கும் கெடு உண்டு: மூன்று மாதத்துக்குள் புது முகவரியோடு கூடிய ஆதாரையோ வாக்காளர் அட்டையையோ கொண்டுவந்து காட்டிவிட வேண்டும்.

வங்கி சொன்னதில் மீதிப் பாதி? கைரேகை வைத்தோ, ஓ.டி.பி. மூலமோ ஆதார் வழியாக மின்னணு கே.ஒய்.சி. செய்து கணக்கு திறப்பவர், தற்போது வேறு முகவரியில் இருந்தால், அதைத் தன் கையால் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே போதும் என்று அதே விதிகள் சொல்கின்றன. அதாவது, திருநெல்வேலி முகவரி உள்ள ஆதாரோடு போன அவனிடம், கைரேகையையும் ஒரு பக்க உறுதிமொழியையும் வாங்கிக்கொண்டு அன்றே கணக்கைத் திறந்திருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அல்லது கிளையில் அப்படிச் செய்யும் பழக்கம் இல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் அவனை மேலாளரிடம் நேராகப் போய் “இ-கே.ஒய்.சி. பண்ணி, தற்போதைய முகவரிக்கு டிக்ளரேஷன் கொடுக்கிறேன்” என்று இந்தச் சொற்களிலேயே கேட்கச் சொன்னேன். கணக்கு திறந்துவிட்டது.

அப்படியானால் வாடகை ஒப்பந்தத்தால் என்ன பயன் என்றால், அது வங்கிக்கு நேராகப் போகும் காகிதம் அல்ல. வங்கி கேட்கும் காகிதத்தை மாற்றித் தரும் காகிதம். ஒப்பந்தத்தைக் கொண்டு ஆதாரில் முகவரியை மாற்றலாம், அல்லது படிவம் 8 கொடுத்து வாக்காளர் அட்டையில் மாற்றலாம். பிறகு அந்த அட்டையோடு வங்கிக்குப் போகலாம். வாக்காளர் படிவத்தில் வாடகைதாரருக்கான சான்றாக ‘பதிவு செய்த வாடகைக் குத்தகைப் பத்திரம்’ என்றே அச்சிட்டிருக்கிறது. பட்டியலில் உள்ள எதுவும் இல்லாதவர் வேறு சான்றோடும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதிகாரி நேரில் வந்து பார்த்துத்தான் முடிவெடுப்பார். ஆதாருக்கும் பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் வாதாட வேண்டியிருக்காது.

‘பதிவு செய்த’ என்ற இந்த ஒரு சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். நோட்டரி செய்வது கையெழுத்துக்குச் சாட்சி சொல்வது. ‘இன்னார் என் முன் கையெழுத்திட்டார்’ என்பதற்கு மேல் அவர் முத்திரை எதையும் சொல்வதில்லை. பதிவு என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது. ஆன்லைனில் டோக்கன் போட்டு, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் அசல் அடையாள அட்டையோடு போய், கைரேகையும் புகைப்படமும் கொடுத்துவிட்டு வர வேண்டும். உங்கள் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள, தாளைத் திருப்பிப் பாருங்கள். பதிவான பத்திரத்தின் பின்பக்கத்தில் ஆவண எண்ணும் ஆண்டும், சார்பதிவாளர் முத்திரையும், இரு தரப்பின் பெயர்களோடு மேற்குறிப்பும் இருக்கும். அக்கா மகனுடைய காகிதத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் அந்தப் பதினோரு மாதம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதியச் சொல்கிறது. பதினோரு மாதம் என்று எழுதினால் பதிவுச் செலவும் அலைச்சலும் மிச்சம் என்பது தலைமுறைகளாக வந்த வழக்கம். ஆனால் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களுக்கு 2017ஆம் ஆண்டில் இயற்றிய வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை எழுத்தில் இருக்க வேண்டும், tenancy.tn.gov.in தளத்தின் வழியாக வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிந்து ஓர் எண்ணும் பெற வேண்டும். மாதக் கணக்கைக் குறைத்து எழுதி இதிலிருந்து நழுவ முடியாது. டைப்பிங் சென்டர்களில் மட்டும் அந்தப் பழைய பதினோரு மாதப் படிவமே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சார்பதிவாளரிடம் பதிய எவ்வளவு ஆகும்? முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். பதினோரு மாத வாடகை 1,54,000. அட்வான்ஸ் 50,000ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் 2,04,000. இரண்டுக்கும் தலா 2,040, ஆக 4,080 ரூபாய். பத்திரம் எழுதுபவருக்குத் தனி. அக்கா மகன் தானே முழுவதும் கொடுப்பதாகச் சொன்னான். வீட்டுக்காரரின் தயக்கம் பணம் இல்லை. “பதிஞ்சா வில்லங்கத்துல ஏறும்ல தம்பி?” என்றார். ஏறத்தான் செய்யும். குத்தகை என்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதோடு ஏறும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு அந்த வரி யாருடைய உரிமையையும் கட்டிப்போடாது. கெடு இல்லாத வாய்வழி வாடகையைவிட, முடிவுத் தேதி போட்ட பத்திரம்தான் அவருக்குப் பாதுகாப்பு. இதைச் சொல்லிப் புரியவைக்க அவனுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

எப்படியும் புதிதாக எழுதுகிறோம் என்பதால் பழைய காகிதத்தை மேசையில் விரித்து வரிவரியாகப் படித்தோம். பதிந்திருந்தாலும் திரும்பி வந்திருக்கும் காகிதம் அது. பெயரில் தகராறு: ஆதாரில் இனிஷியல் பின்னால், ஒப்பந்தத்தில் முன்னால், அதிலும் பெயரின் பாதியைக் காணோம். வீட்டில் கூப்பிடும் பெயரை டைப்பிஸ்ட்டிடம் சொல்லியிருக்கிறான். நம் ஊரில் முதலெழுத்து முன்னும் பின்னும் நகர்வது நமக்குப் பெரிதில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறவருக்கு அது இரண்டு ஆள். ஆதாரில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும்.

அடுத்தது முகவரி. தெருப் பெயரும் ஏரியாவும் இருந்தன. பழைய எண், புதிய எண் இரண்டில் ஒன்றுதான் இருந்தது. ‘இரண்டாம் மாடி’ என்பதும் பின்கோடும் இல்லை. இந்தக் குறை எங்கே கடிக்கும் என்றால், ஆதாரில் அப்படியே ஏறி, வங்கி அந்த முகவரிக்கு ஏ.டி.எம். கார்டை அனுப்பி, நான்கு குடும்பம் இருக்கும் கட்டடத்தில் தபால்காரர் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திருப்பி அனுப்பும்போது. வீட்டுக்காரரின் சொத்து வரி ரசீதை வாங்கி, அதில் உள்ள கதவு எண்ணையே எழுதினோம். அவர் பெயரும் ரசீதில் உள்ளபடியே. வீடு அவருடையதுதான் என்பதற்கு யாராவது கேட்டால் அந்த ரசீதின் நகல் கைகொடுக்கும்.

மூன்றாவது, தேதி. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது போட்டால், பரிசீலனையில் இருக்கையிலேயே அது காலாவதியாகிவிடும். குடியேறிய முதல் மாதமே நல்ல நேரம். முத்திரைத்தாள் வாங்கிய தேதி ஒப்பந்தத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது என்பதையும் பாருங்கள். முந்தியதாக இருந்தால் பரவாயில்லை. ஆறு மாதம் கடந்த முத்திரைத்தாள் செல்லாது என்று பலர் சொல்வார்கள். அந்த ஆறு மாதம் தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடுதானே தவிர பயன்படுத்துவதற்கானது அல்ல என்று திருவேங்கடம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது.

பதிவு முடிந்த அன்றே அவன் myAadhaar தளத்தில் ஏற்றினான். முதல் முறை நிராகரித்தார்கள். காரணம் அற்பமானது: முன்பக்கங்களை மட்டும் போனில் படம் பிடித்திருந்தான், பதிவு முத்திரை இருக்கும் பின்பக்கங்கள் இல்லை. ஏற்ற வேண்டியது எல்லாப் பக்கமும், பின்பக்கம் உட்பட, ஒரே பி.டி.எஃப். கோப்பாக, கலரில், 2 எம்.பி.க்குள். தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து மறுபடி ஏற்றினான். இந்த முறை நிற்காமல் போனது.

கல்யாணமானவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் மனைவி அதை வைத்துத் தன் ஆதாரை மாற்ற முடியாது. முதலில் கணவர் தன் ஆதாரில் மாற்றிக்கொண்டு, பிறகு குடும்பத் தலைவர் வழியாக முகவரி மாற்றும் முறையில், அவர் ஓ.டி.பி. மூலம் ஒப்புதல் தர, மனைவியின் ஆதார் மாறும். ஒப்பந்தம் எழுதும்போதே இருவர் பெயரையும் வாடகைதாரர்களாகப் போட்டுவிட்டால் இந்தச் சுற்று வேண்டாம்.

புது ஆதார் வந்ததும் அதன் நகலோடு வங்கிக்குப் போய், முன்பு எழுதிக் கொடுத்த உறுதிமொழி முகவரியை உறுதிசெய்துகொண்டான். கவுன்ட்டரில் அதே அம்மாதான். ஒப்பந்தத்தையும் ஒரு நகல் எடுத்து வந்திருந்தான், வேண்டுமா என்று நீட்டினான். “இது எதுக்கு தம்பி, வீட்ல வச்சுக்கங்க” என்றாராம்.